ஆறாவது ஆட்டத்தைச் சேர்த்ததால் குறைந்த காசு: பெட்டிங் கடையின் உச்ச வரம்பு பற்றி

தேம்ஸ்கரை | செப்டம்பர் 15, இரவு 10.40

என் அத்தான் போன சனிக்கிழமை லண்டனில் ஒரு பெட்டிங் கடையில் ஆறு கால்பந்து ஆட்டங்களை ஒன்றாகச் சேர்த்து ஐந்து பவுண்டு கட்டினார். கையால் எழுதிய சிலிப். ஆறும் வந்துவிட்டது. ஆட்ஸ் வரிசையாக 4/1, 7/2, 5/1, 6/1, 9/2, கடைசி 2/1. முதல் ஐந்தும் இங்கிலாந்து ஆட்டங்கள். ஆறாவது பின்லாந்து இரண்டாம் டிவிஷன்.

கணக்குப் போட்டால் 77,962 பவுண்டு 50 பென்ஸ். கடை கொடுப்பதாகச் சொல்வது 25,000. கவுண்டரில் இருந்த பெண் பாவம், தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, "இந்தப் போட்டிக்கு உச்ச வரம்பு அவ்வளவுதான்" என்றாராம். விதிப் பலகை சுவரில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு மெஷின் நிற்கிறது. எட்டிப் பார்த்தால் பாதி தெரியும்.

இரண்டு கேள்வி. ஐந்து ஆட்டம் பெரிய லீக், ஒன்று மட்டும் சின்ன லீக் என்றால் எந்த வரம்பு பொருந்தும்? வரம்பு இவ்வளவுதான் என்று தெரிந்தும் ஐந்து பவுண்டை முழுசாக ஏன் வாங்கிக்கொண்டார்கள்?

கோல்கீப்பர் | செப்டம்பர் 15, இரவு 11.05

விடுங்கள். சூதாட்டக் காசுக்கு இங்கே கோர்ட்டுக்குப் போக முடியாது. அது கௌரவக் கடன் மாதிரிதான், கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. அந்த 25,000 கிடைத்ததே பெரிசு, வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பழைய_கவுண்டர் | செப்டம்பர் 16, காலை 7.20

கோல்கீப்பர் சொல்வது ஒரு காலத்தில் சரி. 1845ஆம் ஆண்டுச் சட்டப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, வழக்குப் போட முடியாது. 2005ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம் அதை மாற்றியது. 2007 செப்டம்பர் 1 முதல் பிரிட்டனில் பந்தயமும் மற்ற ஒப்பந்தங்களைப் போல ஒரு ஒப்பந்தம்தான், கோர்ட்டில் கேட்கலாம். ஆனால் ஒப்பந்தம் என்றால் அதன் விதிகளும் கூடவே வருகின்றன. வரம்பு அந்த விதிகளில் ஒன்று. அத்தானுடைய சிக்கல் அங்கேதான்.

முதல் கேள்விக்கு நேராக வருகிறேன். நான் பல வருஷம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவன். பெரும்பாலான கடைகளின் விதிப் புத்தகத்தில் போட்டிகளைப் படிப்படியாகப் பிரித்திருப்பார்கள். மேலே பெரிய லீக்குகள், பெரிய குதிரைப் பந்தயங்கள். நடுவில் கொஞ்சம் சின்ன லீக்குகள். கடைசியில் "மற்றவை" என்று ஒரு மூட்டை. ஒவ்வொரு படிக்கும் ஒரு தொகை. மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் பல மடங்கு வித்தியாசம் இருக்கும். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி இருக்கும்: ஒரு பெட்டில் வெவ்வேறு படி ஆட்டங்கள் கலந்திருந்தால், இருப்பதிலேயே குறைந்த வரம்புதான் முழு பெட்டுக்கும். பின்லாந்து ஆட்டம் உள்ளே வந்ததும் மற்ற ஐந்தும் அந்த 25,000 கூரைக்குக் கீழே வந்துவிட்டன.

அந்த வரியைத்தான் யாரும் படிப்பதில்லை. தொகைகளைப் படிப்பார்கள்.

தேம்ஸ்கரை | செப்டம்பர் 16, காலை 8.05

அதைப் படித்ததும் கணக்கை மறுபடி போட்டேன். பின்லாந்து ஆட்டத்தை எடுத்துவிட்டால், ஐந்து பவுண்டுக்கு ஐந்து ஆட்டம் என்ன வரும்? 4/1 என்றால் கட்டின காசோடு சேர்த்து ஐந்து மடங்கு, 7/2 என்றால் நாலரை மடங்கு, இப்படி ஐந்தையும் கட்டின ஐந்து பவுண்டோடு பெருக்க வேண்டும்:

5 × 5 × 4.5 × 6 × 7 × 5.5 = 25,987.50

ஐந்து ஆட்டம் மட்டும் கட்டியிருந்தால் 25,987 பவுண்டு 50 பென்ஸ் முழுசாக வந்திருக்கும். இங்கிலாந்து ஆட்டங்களுக்கு அந்தக் கடையின் வரம்பு இதைவிட மிக மேலே. ஆறாவதைச் சேர்த்ததால் கிடைப்பது 25,000. இன்னொரு ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்ற ஆபத்தையும் தலையில் ஏற்றிக்கொண்டு, 987 பவுண்டு 50 பென்ஸ் குறைவாக வாங்குகிறார். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வரம்பு இருக்கட்டும். ஆனால் அந்த ஆறாவது வரியை எழுதியபோது அவர் வாங்கியது என்ன? ஒன்றுமே இல்லை, நஷ்டம்தான்.

நள்ளிரவு_ஸ்லாட் | செப்டம்பர் 16, காலை 9.30

எனக்கும் இதேதான் நடந்தது. ஆன்லைனில் ஸ்லாட் ஆடி 9,000 வந்தது. ஒரு நாளைக்கு 2,000க்கு மேல் எடுக்க முடியாது என்று தடுத்துவிட்டார்கள். கொள்ளை.

பழைய_கவுண்டர் | செப்டம்பர் 16, காலை 10.10

அது வேறு, தம்பி. உங்களுடைய 9,000 உங்கள் கணக்கிலேயே இருக்கிறது, ஐந்து நாளில் எடுத்துவிடலாம். அது காசை எடுக்கும் வரம்பு, தாமதம் மட்டும்தான். இங்கே பேசுவது ஜெயித்த தொகையையே வெட்டும் வரம்பு. வெட்டப்பட்ட 52,962 பவுண்டு எந்த நாளும் வராது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த 9,000 போனஸ் காசில் ஆடி வந்ததா? அப்படியானால் போனஸில் ஜெயித்தால் இவ்வளவுதான் என்று தனியாக ஒரு வரம்பு இருக்கலாம், அது நிஜமாகவே வெட்டும். பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் எடுக்காமல் விட்டு வைத்தால் அந்தக் காசைத் திருப்பி ஆடிவிடவும் தோன்றும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நள்ளிரவு_ஸ்லாட் | செப்டம்பர் 16, காலை 10.25

போனஸ் இல்லை. சொந்தக் காசு. இன்றைக்கு 2,000 எடுத்துவிட்டேன்.

ஜூரோங்_மேற்கு | செப்டம்பர் 16, மதியம் 1.15

எங்கள் ஊரில் 4டி என்ற நான்கு இலக்க லாட்டரியில் இந்தத் தலைவலி இல்லை. சிங்கப்பூர் பூல்ஸில் ஒரு வெள்ளிக்கு "பெரிசு" என்ற வகையில் கட்டி முதல் பரிசு வந்தால் 2,000, "சிறிசு" என்ற வகை என்றால் 3,000. அது அப்படியே வரும். ஆனால் எல்லோரும் ஒரே நம்பரைத் துரத்தினால், விபத்தில் சிக்கிய கார் நம்பர், கோயில் தேர் நாள், இப்படி, அந்த நம்பர் கவுண்டரிலேயே விற்றுத் தீர்ந்துவிடும். இயந்திரம் ஏற்காது. என் அப்பா எத்தனையோ தடவை முணுமுணுத்துக்கொண்டே வெறுங்கையோடு வந்திருக்கிறார். ஆனால் கட்டின காசுக்குப் பரிசைக் குறைத்ததாக அவர் சொல்லிக் கேட்டதில்லை.

தேம்ஸ்கரை | செப்டம்பர் 16, மாலை 6.50

ஜூரோங், நீங்கள் சொன்னதுதான் என் இரண்டாவது கேள்வி. இரண்டு இடத்திலும் நடத்துபவருக்கு ஒரே பயம்தான், ஒரே நாளில் தாங்க முடியாத தொகை வெளியே போய்விடுமோ என்று. உங்கள் ஊரில் அந்தப் பயத்துக்கு விற்பனையை நிறுத்துகிறார்கள். இங்கே காசை வாங்கிக்கொண்டு, ஜெயித்த பிறகு நிறுத்துகிறார்கள். முதலாவதில் அப்பா காசை வீட்டுக்குக் கொண்டு வந்தார். இரண்டாவதில் அத்தான் காசைக் கொடுத்துவிட்டு வந்தார்.

கிண்டி_ரசிகன் | செப்டம்பர் 16, இரவு 9.00

குதிரைப் பந்தயத்தில் டோட் என்று ஒன்று இருக்கிறதே, அதில் வரம்பே கிடையாது. வந்த காசையெல்லாம் ஒரு குடத்தில் போட்டு, கமிஷனும் வரியும் கழித்து, மீதியை ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். கிண்டியில் ஜாக்பாட் ஒரே ஒருவருக்கு அடித்தால் அவருக்கே அத்தனையும். நடத்துபவருக்கு நஷ்டம் இல்லை, அதனால் கூரையும் தேவையில்லை. அத்தானை டோட் பக்கம் போகச் சொல்லுங்கள்.

பழைய_கவுண்டர் | செப்டம்பர் 16, இரவு 9.40

டோட்டில் கூரை இல்லை, சரி. ஆனால் என்ன வரும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. உங்களோடு நாற்பது பேர் அதே குதிரைகளைப் பிடித்திருந்தால் நாற்பதில் ஒரு பங்கு. நிர்ணயித்த ஆட்ஸில் கட்டுபவர் விலை தெரிந்து வாங்குகிறார். அந்த விலைக்குப் பின்னால் ஒரு கூரை இருப்பதுதான் அவருக்குத் தெரிவதில்லை.

பெரிய நாள் ஒன்றைச் சொல்கிறேன். 1996 செப்டம்பர் 28, ஆஸ்காட். பிராங்கி டெட்டோரி என்ற ஜாக்கி ஒரே மதியத்தில் ஏழு பந்தயத்தையும் ஜெயித்தார். ஏழையும் சேர்த்தால் ஆட்ஸ் 25,051/1. ஒரு கடையின் வரம்பு ஐந்து லட்சம் பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பவுண்டு கட்டியவர் அந்தக் கூரையைத் தொட்டுவிடுவார். இருநூறு கட்டியவரும் அதே ஐந்து லட்சம்தான் வாங்குவார். மீதி நூற்றி எண்பது பவுண்டு எதற்காகக் கட்டப்பட்டது?

இதையே அத்தானுக்குப் போடுங்கள். 25,000ஐ அவருடைய மொத்த ஆட்ஸால் வகுங்கள்:

25,000 ÷ 15,592.5 = 1.603...

ஒரு பவுண்டு அறுபது பென்ஸ் கட்டியிருந்தாலே 24,948 பவுண்டு வந்திருக்கும். ஐந்து பவுண்டில் மீதி மூன்று பவுண்டு நாற்பது பென்ஸ் அவருக்கு வாங்கித் தந்தது 52 பவுண்டு. கவுண்டரில் நின்றபோது பழக்கமானவர்களுக்கு நான் சொன்னது இந்த வகுத்தலைத்தான்: வரம்பை மொத்த ஆட்ஸால் வகு, வருவதற்கு மேல் ஒரு பென்ஸும் வைக்காதே.

கணக்கு_டீச்சர் | செப்டம்பர் 16, இரவு 10.30

கணக்கு சரி. ஆனால் எல்லோரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். விதியில் இருப்பது "திரும்பக் கொடுக்கும் மொத்தத் தொகை" என்றா, "ஜெயித்த தொகை" என்றா? முதலாவது என்றால் 25,000க்குள் கட்டின ஐந்து பவுண்டும் அடக்கம். இரண்டாவது என்றால் அந்த ஐந்து தனியாகத் திரும்ப வர வேண்டும், மொத்தம் 25,005. அத்தானுக்கு இது டீக்காசு. ஆனால் ஆயிரம் பவுண்டு கட்டுகிறவருக்கு அப்படி இல்லை.

இன்னொன்று. ஐந்து ஆட்டம் முடிந்து பின்லாந்து மட்டும் பாக்கி இருந்த நேரத்தை யோசித்துப் பாருங்கள். அப்போது அந்தச் சிலிப்பின் மதிப்பு என்ன? கூரை இல்லை என்றால், ஆட்ஸ் நியாயமான விலை என்று எடுத்துக்கொண்டால், 77,962இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 25,987. கூரை இருப்பதால் 25,000இல் மூன்றில் ஒரு பங்கு, 8,333. ஆன்லைனில் முன்கூட்டி முடித்துக்கொள்ள ஒரு தொகை காட்டுவார்களே, அது வழக்கத்துக்கு மாறாகக் குறைவாகத் தெரிந்தால் கூரை உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தமாக இருக்கலாம். கையால் எழுதிய சிலிப்பில் அந்த அடையாளமும் இல்லை.

தேம்ஸ்கரை | செப்டம்பர் 17, காலை 7.45

டீச்சர், கேட்டேன். பலகையில் "ஜெயித்த தொகை" என்றுதான் இருக்கிறதாம், அத்தான் போய் மெஷினை ஒட்டி நின்று போன் விளக்கில் படித்திருக்கிறார். கட்டின காசு தனி. அப்படியானால் இன்னும் ஐந்து பவுண்டு வர வேண்டும். அதைக் கடையில் சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள்.

ஐந்து பவுண்டு பெரிதில்லை. ஆனால் அவர்களே தங்கள் விதியைச் சரியாகப் போடவில்லை என்பது எழுத்தில் வந்துவிட்டது.

கோல்கீப்பர் | செப்டம்பர் 17, காலை 9.10

சரி, கோர்ட் விஷயத்தில் பழைய கவுண்டர் சொன்னதைப் பார்த்தேன். அப்படியானால் இன்னும் நல்லது. பெட்பிரெட் என்ற பெட்டிங் கம்பெனி மீதான வழக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒருவர் போனில் பிளாக்ஜாக் ஆடி 17 லட்சம் பவுண்டு ஜெயித்தார், கொடுக்க மாட்டோம் என்றார்கள், 2021இல் உயர் நீதிமன்றம் கொடு என்று சொல்லிவிட்டது. விதி செல்லாது என்று தீர்ப்பு. அதை வைத்தே அத்தானும் முழுசாக வாங்கலாம்.

பழைய_கவுண்டர் | செப்டம்பர் 17, காலை 11.30

பாதி சரி. அந்த வழக்கில் கடை சொன்னது உச்ச வரம்பு இல்லை. மென்பொருளில் கோளாறு, அதனால் அந்த ஆட்டமே செல்லாது என்றார்கள். நீதிமன்றம் பார்த்தது வேறு: கோளாறு வந்தால் கொடுக்க மாட்டோம் என்பதற்கு அவர்கள் காட்டிய வரிகளின் வார்த்தைகள் இந்த நிலைமைக்குப் பொருந்தவில்லை. பொருந்தினாலும், ஆடுகிறவர் கண்ணில் படும்படி அவற்றைக் கொண்டு வந்து நிறுத்தவில்லை. அதனால் கடை அவற்றின் பின்னால் ஒளிய முடியாது.

உச்ச வரம்பு அப்படி மங்கலான வரி இல்லை. தொகை போட்டு எழுதியிருக்கிறது. "25,000" என்பதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது. ஆகவே அத்தானிடம் இருக்கும் ஒரே பிடி, கண்ணில் படும்படி வைத்தார்களா என்பது. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டமும் அந்தப் பக்கம்தான் பேசுகிறது, விதி புரியும்படியும் எடுப்பாகத் தெரியும்படியும் இருக்க வேண்டும் என்று. பலகைக்கு முன்னால் மெஷின் நிற்பது அதனால்தான் முக்கியம். அதை முதலில் படம் எடுக்கச் சொல்லுங்கள். நாளைக்கே மெஷினைத் தள்ளி வைத்துவிடுவார்கள்.

ஆனால் நம்பிக்கை கொடுத்து ஏமாற்ற விரும்பவில்லை. உச்ச வரம்பு பெட்டிங் கடைகளில் புதிதல்ல. 2008இல் யார்க்ஷயரில் ஒருவர் ஐம்பது பென்ஸ் கட்டி எட்டுக் குதிரையும் ஜெயித்து, வில்லியம் ஹில் கடையில் பத்து லட்சம் பவுண்டு வாங்கினார். பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. அந்தப் பத்து லட்சம்தான் அந்தக் கடையின் அப்போதைய கூரை. ஊருக்கே தெரிந்த வழக்கத்தை "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் நடுவர் எவ்வளவு தூரம் கேட்பார் என்று எனக்குச் சந்தேகம்தான்.

தேம்ஸ்கரை | செப்டம்பர் 17, மதியம் 12.50

கூரை என்று ஒன்று இருப்பது ஊருக்குத் தெரியும். ஒரு பின்லாந்து ஆட்டம் அந்தக் கூரையைக் கழுத்து வரை இறக்கும் என்பது ஊருக்குத் தெரியுமா? அத்தான் இருபது வயதிலிருந்து அந்தக் கடைக்குப் போகிறார். பெரிய தொகை வந்தால் வரம்பு உண்டு என்று அவருக்கும் தெரியும். மில்லியன் கணக்கில் என்று நினைத்திருக்கிறார்.

படம் எடுத்தாயிற்று. இரண்டு பக்கத்திலிருந்தும்.

வெம்பிளி_மாலா | செப்டம்பர் 17, மாலை 5.20

எங்கள் ஆபீஸில் எட்டுப் பேர் சேர்ந்து வாரா வாரம் கட்டுகிறோம். ஒரே பெட்டை ஆளுக்கு ஒரு சிலிப்பாக, எட்டாகப் பிரித்துக் கட்டினால் எட்டுக் கூரை கிடைக்குமா? அண்ணை யாராவது சொல்லுங்கள்.

பழைய_கவுண்டர் | செப்டம்பர் 17, மாலை 6.45

கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், தங்கச்சி. ஒரு பெட்டுக்கான வரம்போடு, ஒரு நாளுக்கான வரம்பும் இருக்கும். அது ஒரு ஆளுக்கு மட்டும் இல்லை. "சேர்ந்து செயல்படும் ஆட்கள் ஒரே ஆட்டங்களைக் கட்டியிருந்தால் ஒரே ஆளாகக் கருதப்படும்" என்ற பொருளில் ஒரு வரி அநேகமாக எல்லா விதியிலும் இருக்கும். வெவ்வேறு கிளையில் கட்டினாலும், வெவ்வேறு நேரத்தில் கட்டினாலும் கணினி ஒரே வரிசையைக் கண்டுபிடித்துவிடும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். ஒரு பெரியவர் அதே ஐந்து குதிரைகளை மூன்று கிளைகளில் மூன்று சிலிப்பாகக் கட்டினார். ஒவ்வொன்றும் 40,000. ஒரு பெட்டுக்கான வரம்பு ஒரு லட்சம், எனவே தனித்தனியாக எதிலும் சிக்கல் இல்லை. மூன்றும் ஜெயித்தன, மொத்தம் ஒரு லட்சத்து இருபதாயிரம். நாளுக்கான வரம்பும் ஒரு லட்சம்தான். மூன்றாவது சிலிப்பில் 20,000 மட்டும் கொடுத்தார்கள். அவர் இரண்டு சிலிப்பை முழுசாக வாங்கிவிட்டு மூன்றாவதோடு வந்தபோதுதான் தெரிந்தது. முகம் பார்க்க முடியவில்லை. அந்தத் தொகையை டைப் செய்தது என் கைதான்.

பிரிக்க வேண்டும் என்றால் வெவ்வேறு கம்பெனியில் பிரியுங்கள். பெயர் வேறாக இருந்தாலும் ஒரே குழுமத்தின் கடைகளா என்பதையும் பாருங்கள். அவை ஒன்றாகக் கணக்கிடுமா என்பது விதிக்கு விதி மாறும்.

வெம்பிளி_மாலா | செப்டம்பர் 17, மாலை 7.10

"நாள்" என்றால் எந்த நாள்? வெள்ளிக்கிழமை ஒன்று கட்டி, சனிக்கிழமை ஒன்று கட்டி, இரண்டும் சனிக்கிழமை முடிந்தால்?

பழைய_கவுண்டர் | செப்டம்பர் 17, மாலை 7.30

நான் இருந்த இடத்தில் ஆட்டம் முடிந்து காசு தீர்மானமாகும் நாள்தான் கணக்கு, கட்டிய நாள் இல்லை. ஆகவே இரண்டும் ஒரே நாளில் விழும். வேறு இடங்களில் வேறு மாதிரி எழுதியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். பொதுவான பதில் இதற்கு இல்லை.

கணக்கு_டீச்சர் | செப்டம்பர் 17, இரவு 9.15

எனக்கு இன்னும் புரியாதது வரம்பின் காரணம். பின்லாந்துக்கு 25,000, இங்கிலாந்துக்கு அதற்குப் பல மடங்கு. ஆட்ஸ் 2/1 என்றால் எங்கேயும் 2/1தானே? ஏன் ஊருக்கு ஊர் கூரை?

பழைய_கவுண்டர் | செப்டம்பர் 17, இரவு 10.20

விலை அதே, டீச்சர். அந்த விலையை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் வேறு. இங்கிலாந்து பெரிய ஆட்டத்தில் உலகமே காசு கட்டுகிறது. விலை தப்பாக இருந்தால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். கடைக்குப் பயம் வந்தால் தன் பாரத்தில் ஒரு பகுதியை வேறு இடத்தில் கட்டித் தள்ளிவிடலாம். சின்ன லீக்கில் அது முடியாது. கோல்கீப்பருக்கு முதுகு வலி என்பது அந்த ஊர் டீக்கடையில் இருப்பவருக்குத் தெரியும், லண்டனில் விலை போடுபவருக்குத் தெரியாது. ஆட்டத்தையே முன்கூட்டிப் பேசி வைக்கும் ஆபத்தும் சம்பளம் குறைந்த லீக்குகளில் அதிகம். அதனால் அங்கே கூரையைத் தாழ்த்துகிறார்கள். இந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

தேம்ஸ்கரை | செப்டம்பர் 17, இரவு 11.35

அந்தக் காரணத்தை நானும் ஏற்கிறேன். ஆனால் அது அத்தான் சிலிப்புக்கு எப்படிப் பொருந்தும்? பின்லாந்து ஆட்டத்தை யாராவது பேசி வைத்திருந்தால், அதைத் தனியாகக் கட்டுவார்கள், பெரிய தொகை கட்டுவார்கள். ஐந்து இங்கிலாந்து ஆட்டத்தோடு சேர்த்து ஐந்து பவுண்டு கட்ட மாட்டார்கள். பின்லாந்து அவருடைய பணத்தை மூன்று மடங்காக்கியது, அவ்வளவுதான். மற்ற ஐந்தும் சேர்ந்து அதை ஐயாயிரம் மடங்குக்கு மேல் ஆக்கியவை. மூன்று மடங்கில் வரும் ஆபத்துக்குப் பயந்து ஐயாயிரம் மடங்குக்கும் சேர்த்துக் கூரை போடுவது ஆபத்தைக் கணக்கிடும் முறை இல்லை. எழுதுவதற்குச் சுலபமான முறை.

இன்றைக்குக் கணினி இருக்கிறது. சிலிப்பை ஸ்கேன் செய்கிறார்கள். குறைந்தபட்சம் "இந்தப் பெட்டில் உங்களுக்கு அதிகபட்சம் 25,000தான்" என்று ரசீதில் ஒரு வரி அச்சடிக்க என்ன கஷ்டம்? ஆன்லைனில் பல இடங்களில் காட்டுகிறார்கள். அத்தானுடைய ரசீதில் நேரமும் ஐந்து பவுண்டும் சிலிப்பின் நகலும் மட்டும்தான்.

பழைய_கவுண்டர் | செப்டம்பர் 18, காலை 6.55

கையால் எழுதும் சிலிப்பில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. சனிக்கிழமை மூன்று மணிக்கு முன்னால் வரிசை கதவு வரை நிற்கும். முதலில் காசை வாங்கி, நேரத்தைப் பதித்து, படம் எடுத்து வைத்துவிடுவோம். எழுதியிருப்பது என்ன ஆட்டம், என்ன விலை என்று கணினிக்குள் ஏற்றுவது பிறகு. அந்த நொடியில் மொத்த ஆட்ஸ் எங்களுக்கே தெரியாது. கடைக்குள் இருக்கும் தொடுதிரை மெஷினில் கட்டியிருந்தால் தெரிந்திருக்கலாம்.

ஐயாயிரம் மடங்கு பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அது நல்ல வாதம். புகாரில் எழுதுங்கள்.

கிண்டி_ரசிகன் | செப்டம்பர் 18, காலை 8.30

இத்தனை விதி படித்துத்தான் ஆட வேண்டும் என்றால் எனக்குக் குடமே போதும்.

ஜூரோங்_மேற்கு | செப்டம்பர் 18, காலை 9.00

அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அந்தத் தம்பி பின்லாந்தைத் தனியா ஒரு வெள்ளிக்குக் கட்டியிருக்கலாமே" என்கிறார். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி.

கணக்கு_டீச்சர் | செப்டம்பர் 18, காலை 9.40

அப்பா சொன்னதற்குக் கணக்கு: நான்கு பவுண்டு ஐந்து ஆட்டத்துக்கு, ஒரு பவுண்டு பின்லாந்துக்குத் தனியாக. 20,790 + 3 = 20,793. கூரைக்குக் கீழே இருப்பதால் முழுசாக வரும், ஆனால் அத்தானுக்கு இப்போது வரும் 25,005ஐவிடக் குறைவு. ஐந்தையும் ஐந்து ஆட்டத்தில் வைத்துவிட்டு, பின்லாந்துக்கு இன்னொரு பவுண்டு தனியாகப் போட்டிருந்தால் 25,990 பவுண்டு 50 பென்ஸ். பின்லாந்து தோற்றாலும் 25,987 கையில் இருக்கும்.

தேம்ஸ்கரை | செப்டம்பர் 20, இரவு 8.15

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 25,005 உறுதி. மீதிக்கு விதி எண்ணைக் காட்டி மறுத்திருக்கிறார்கள். பலகைக்கு முன்னால் மெஷின் நின்றது பற்றி ஒரு வார்த்தை இல்லை. புகாரை அவர்கள் முறைப்படி முடிக்க எட்டு வாரம் வரை அவகாசம் உண்டாம், அதற்குப் பிறகோ, இதுதான் இறுதி முடிவு என்று முன்பே எழுதிக் கொடுத்தாலோ, வெளி நடுவரிடம் போகலாம். அத்தான் அந்த இறுதிக் கடிதத்தை எழுத்தில் கேட்டிருக்கிறார். ஐபாஸ் என்ற பந்தயத் தகராறு நடுவர் அமைப்புக்கு அனுப்பப் போகிறோம். வாடிக்கையாளருக்குச் செலவு இல்லை.

அந்த 25,005ஐ இப்போது வாங்கலாமா என்று தயங்கினார். வாங்கினால் "முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டேன்" என்று ஆகிவிடுமோ என்று பயம்.

பழைய_கவுண்டர் | செப்டம்பர் 20, இரவு 9.05

வாங்கட்டும். தகராறு இல்லாத பகுதி அவருடையது. ஆனால் கையெழுத்துக் கேட்டால் தாளை முழுசாகப் படிக்கட்டும். "முழுமையான, இறுதியான" என்ற மாதிரி வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, மீதியைப் பற்றிப் புகார் நிலுவையில் இருக்கிறது என்று எழுதித் தேதி போடச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் கையெழுத்துப் போடாமல் வந்து ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். மூல சிலிப்பின் அவர் பக்க நகலை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்துவிடக் கூடாது, நகல் எடுத்துக் கொடுக்கலாம்.

கோல்கீப்பர் | செப்டம்பர் 20, இரவு 9.20

ஜெயிக்க மாட்டீர்கள் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் போடுங்கள்.

தேம்ஸ்கரை | செப்டம்பர் 21, காலை 10.00

வாங்கியாயிற்று. கையெழுத்துத் தாளில் அந்த வரி இல்லை, காசு பெற்றதற்கான ரசீது மட்டும்தான்.

புகாரில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறேன்: பலகை மறைந்திருந்தது, படத்தோடு. ஆறாவது ஆட்டம் சேர்ந்ததால் தொகை குறைந்த கணக்கு, ஐந்துக்கும் ஆறுக்கும் பக்கத்தில் பக்கத்தில். கடை முதலில் தன் விதியையே தப்பாகப் போட்டு ஐந்து பவுண்டை விட்டது. ஐயாயிரம் மடங்கு வாதத்தைக் கடைசிப் பத்தியில் வைத்தேன்.

ஒரு உதவி வேண்டும். அதே கம்பெனியின் வேறு கிளைக்குப் போகிறவர்கள், விதிப் பலகை எங்கே தொங்குகிறது, முன்னால் என்ன நிற்கிறது, கீழ்ப்படி வரம்பு எழுதிய வரி நின்ற இடத்திலிருந்து படிக்க முடிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். கம்பெனி எது என்பதைத் தனிச் செய்தியில் சொல்கிறேன். இரண்டு மூன்று கிளையில் இதே நிலை என்றால் அதையும் இணைத்து அனுப்புவேன்.

வெம்பிளி_மாலா | செப்டம்பர் 21, காலை 10.25

எனக்கு அனுப்புங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஹைரோட்டில் பார்த்துவிட்டு வருகிறேன்.